மூலை போன பாளம்

இருபத்தாறு வயதுக்குள் நான் மூன்று பேரை அடித்திருந்தேன். ஒருத்தி குளத்துப் படியில் என் குடத்தை வேண்டுமென்றே உருட்டிவிட்டவள். இன்னொருவன் மூட்டைக்குள் கல்லை வைத்துத் தைத்து விற்ற கரிக்காரன். அவனைக் கையில் இருந்த குறட்டாலேயே போட்டேன். மூன்றாவது ஆள் என் நாத்தனார் புருஷன். எதற்காக வாங்கினார் என்று இப்போதும் சொல்ல மாட்டேன், ஆனால் வாங்கத் தகுந்த அடிதான். திருத்தணி கடைத்தெருவில் என்னைக் கண்டால் வம்புக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர், தட்டில் ஏறிய எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். இதையெல்லாம் முதலில் ஏன் சொல்கிறேன் என்றால், வாய் திறந்திருக்க வேண்டிய ஒரே நாளில் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

மலையடிவாரத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. முன்னறைதான் பட்டறை. நகைக்கடைக்காரர்கள் கொடுக்கும் தங்கக் கட்டிகளை உருக்கித் தகடாகவும் கம்பியாகவும் இழுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். அவர் உருக்குவார், நான் துருத்தி ஊதுவேன், நிறுப்பேன், சாம்பலைக் கழுவித் தங்கப் பொடி எடுப்பேன். குழந்தை இல்லாத வீடு. ஆகவே பட்டறையிலேயே என் பொழுது போயிற்று. உளி பிடிக்கவும் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எந்தத் தங்கம் பட்டறைக்கு வந்தாலும், உருக்கும் கிண்ணமான மூசையில் போடுவதற்கு முன்பு மூலையில் ஒரு நொய்யளவு கிள்ளி மஞ்சள் துணியில் முடிந்து வைப்போம். சாமித் துளி என்று பெயர். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி உண்டியலில் போட்டுவிடுவோம். என் மாமனார் காலத்திலிருந்தே கடைக்காரர்களுக்கெல்லாம் தெரியும், யாரும் முணுமுணுத்ததில்லை. எப்படியும் உருகப் போகிற கட்டிக்கு மூலை இருந்தால் என்ன, போனால் என்ன. அந்தக் கிள்ளும் வேலை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னுடையது.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசிக்குக் கட்டுப்பாடு வந்து, கே.ஜி.கண்டிகைப் பக்கம் அரவை மில் வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் கள்ள விலைக்கு விற்றுத் திடீரென்று பெரிய மனிதர்கள் ஆகிவிட்டார்கள். இரண்டு பேரும் கண்டிகை ஆட்கள்தான். மூத்தவரை எல்லோரும் மில்லுக்காரர் என்பார்கள். தம்பியைச் சின்னவர் என்பார்கள். மூட்டை தூக்கும் ஆட்களைச் சின்னவர் அடிப்பது ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும். ஒருவனுடைய காது அந்த அடியில் செவிடாகவே போய்விட்டது. அப்படிப்பட்டவர் ஒருநாள் அண்ணனோடு எங்கள் பட்டறைக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நின்றார்.

மில்லுக்காரர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஆசாரி, நோட்டை நம்பி வச்சுகினு இருக்க முடியாது. எல்லாத்தையும் தங்கமா மாத்தணும். எப்டி வாங்கறது சொல்லு.”

“மூணு தினுசு கீதுங்க முதலாளி,” என்றார் என் வீட்டுக்காரர். தொழில் விஷயம் என்றால் அவருக்கு வார்த்தை தானாக வரும். “பத்து தோலா கட்டின்னா கைக்கு அடக்கம். எடையும், எவ்ளோ சுத்தம்னு மாத்தும் மேலயே முத்திரை போட்டிருக்கும். நம்ம ஊருலயும் விக்கலாம், சித்தூர்லயும் விக்கலாம், ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான். ஆனா ஒவ்வொண்ணையும் தனித்தனியா வார்த்து, நிறுத்து, முத்திரை போட்ட கூலி தோலா வெல மேல ஏறி ஒக்காந்துகினு இருக்கும். ஒரு தோலா கட்டின்னா அந்தக் கூலி இன்னும் கடிக்கும்.”

“அடுத்தது?”

“கிலோ கட்டிங்க. பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கணக்கு. நம்ம கணக்குக்கு எண்பத்தஞ்சே முக்கால் தோலாவுக்கு மயிரிழை கம்மி. எல்லாம் ஒரே எடை, கூடவே ஒரு சோதனைக் காகிதம். சின்னக் கட்டி அளவுக்குக் கூலி ஏறாது. பணம் வேணும்போது ஒண்ணை மட்டும் எடுத்து வித்துட்டு மீதிய வச்சுக்கலாம். என்னைக் கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.”

“மூணாவது?”

என் வீட்டுக்காரர் கொஞ்சம் தயங்கினார். “பெரிய பாளம். சர்க்கார் பம்பாய்ல விக்கிறதெல்லாம் அதுதான். நானூறு அவுன்சுன்னு பேரு, ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நம்பர் போட்டு, எடையும் மாத்தும் காகிதத்துல தனியா எழுதி வரும். தோலா வெலைக்கு இதுதான் மட்டம். ஆனா வாங்கறவன் மெட்ராஸ்ல நாலஞ்சு சேட்டுங்கதான். வித்தா முழுசா விக்கணும். ஒரு மூலைய வெட்டி விக்க முடியாது.”

மட்டம் என்ற சொல்லோடு மில்லுக்காரரின் காது அடைத்துக்கொண்டது. தோலாவுக்குச் சில அணா மிச்சம் என்றால், ஆயிரம் தோலாவுக்கு எவ்வளவு என்று விரலை மடக்கினார். சின்னவருக்கு வேறு யோசனை. இருபத்தேழு ராத்தல் கனத்தைத் தூக்கிக்கொண்டு எந்தத் திருடன் ஓடுவான் என்று சிரித்தார். கிலோ கட்டியைப் பற்றி என் வீட்டுக்காரர் இன்னொரு முறை ஆரம்பித்தபோது, “பாண்டிச்சேரியில உனக்கு எவ்ளோ கமிஷன் தர்றான்?” என்று கேட்டு அவர் தோளில் விளையாட்டாகத் தட்டினார். விளையாட்டுத் தட்டுக்கே அவர் ஓரடி பின்னால் போனார். எனக்கு அப்போதே கை துறுதுறுத்தது.

என் வீட்டுக்காரருக்குப் பழக்கமான சேட்டு ஒருவர் சவுக்கார்பேட்டையில் இருந்தார். அவரிடம் பாளம் வந்திருப்பதாகக் கடிதம் வந்ததும் சின்னவரும் இவரும் ரயிலேறிப் போனார்கள். சேட்டுக் கடையில் நடந்ததை இவர் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா ஒருவன் பாளத்தின் இரண்டு முனையிலும் விரல் கொடுத்துத் தூக்கிப் பெரிய தராசில் வைத்தான். ஆயிரத்து எழுபத்தொரு தோலா. சின்னவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். பிறகு சேட்டு காகிதத்தைப் பார்த்து, இந்தப் பாளத்தில் ஆயிரம் பங்குக்கு நாலரைப் பங்கு வேறு உலோகம், சுத்தத் தங்கம் ஆயிரத்து அறுபத்தாறு தோலா சொச்சம், அதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்றார். பெரிய பாளத்துக்கு விலை போடுவது அப்படித்தான். தராசு காட்டும் எடைக்கு விலை கிடையாது, உள்ளே இருக்கும் சுத்தத்துக்குத்தான் விலை. சின்னவர் அதைக் கேட்கவேயில்லை. அவர் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். காகிதம் முழுக்க இங்கிலீஷ். அதை மடித்து இடுப்பு பெல்ட்டில் வைத்துக்கொண்டார்.

சேட்டு மரப்பெட்டி ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டியைப் பார்த்தால் ஊருக்கே தெரியும் என்று சின்னவர் அதைத் தள்ளிவிட்டு, காய்கறிப் பையில் பாளத்தைப் போட்டு மேலே முருங்கைக்காயைப் பரப்பினார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை திருத்தணி ஸ்டேஷனில் இறங்கும்போது, யாரும் சந்தேகப்படக் கூடாதென்று பையை ஒரு கையால் வீசியபடி நடந்திருக்கிறார். நாலு எட்டு வைப்பதற்குள் பையின் காது பிய்ந்தது. பாளம் நேராக என் வீட்டுக்காரரின் கால் மேல் விழுந்தது. பார்க்கச் செங்கல்லைவிட ஒல்லி. ஆனால் ஐந்தாறு செங்கல் ஒன்றாக விழுந்த மாதிரி பெருவிரல் நகத்தோடு நசுங்கிப் போயிற்று. கத்தியவரின் வாயைச் சின்னவர் பொத்தினார். ஜட்காக்காரன் “இன்னா சாமி அது, இரும்பா?” என்று கேட்டதற்கு அவன் கையிலிருந்த சாட்டையையே பிடுங்கி அவன் முதுகில் இரண்டு வைத்தார்.

வீட்டு வாசலில் ஜட்கா வந்து நின்றபோது எங்கும் ரத்தம். பாளத்தை இறக்கி, தகடு அடிக்கும் எங்கள் பட்டடைக் கல் பக்கத்தில் வைத்தார்கள். மில்லுக்காரர் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ராகுகாலம் வந்துவிட்டது, பன்னிரண்டு வரை தங்கம் தன் வீட்டு வாசலுக்குள் வரக் கூடாது என்றார். ஒன்றரை மணி நேரம் அது இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அண்ணனும் தம்பியும் வெளிக்கதவைப் பூட்டி வாசலிலேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரர் உள் அறையில் காலை மஞ்சள் தண்ணீரில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார்.

பட்டறையில் நானும் பாளமும்தான்.

தொட்டுப் பார்த்தேன். தங்கம் என்று சொன்னால்தான் தெரியும், மேல்தோல் அப்படி மங்கலாக, அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழியோடு இருந்தது. பக்கவாட்டில் சரிந்து இறங்கியதால் மேலிருந்து பிடித்தால் வழுக்கியது. இரண்டு முனையிலும் விரலைக் கொடுத்து ஒரு முறை தூக்கினேன். இடுப்பில் சுரீரென்றது. இத்தனை தங்கத்தை ஒரே இடத்தில் இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன். அவருடைய கால் வேறு மனதில் இருந்தது. வந்த தங்கம் வரும்போதே ரத்தம் பார்த்துவிட்டதே, சாமிக்குச் சேர்ப்பதைச் சேர்த்துவிடலாம் என்று உளியை எடுத்தேன். மூலையில் வைத்து ஒரே தட்டு. அரிசி நொய் அளவுதான் வந்தது. மஞ்சள் துணியில் முடிந்து மாடத்தில் வைத்தேன்.

உருக்க வந்த தங்கம் இல்லை, இருக்க வந்த தங்கம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. வெட்டிய இடம் மட்டும் பளீரென்று மின்னியதைப் பார்த்தேன். பார்த்தும் அது ஒரு விஷயமாகப் படவில்லை. பன்னிரண்டு அடித்ததும் அவர்கள் வந்து பாளத்தைக் கோணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். உமி அறையில் குழி தோண்டிப் புதைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். என் வீட்டுக்காரரின் பெருவிரலில் புது நகம் கோணலாக முளைத்திருந்தது. சாமித் துளி முடிப்பு உண்டியலில் எப்போதோ விழுந்துவிட்டது. யுத்தம் முடியப் போகிறது என்ற பேச்சு வந்ததும் தங்கத்தின் விலை சரியத் தொடங்கியது. அதே நேரத்தில் மில்லில் சோதனை நடந்து, கணக்கில் இல்லாத நெல் பிடிபட்டது. வழக்கு, வக்கீல், அபராதம் என்று மில்லுக்காரருக்கு உடனே பணம் வேண்டியிருந்தது. பாளத்தில் எட்டில் ஒரு பங்கு விற்றால் போதும் அவருக்கு. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஒரு துண்டு வெட்டித் தா என்று கேட்டார்.

“வெட்னா அது பாளம் இல்லீங்க முதலாளி. காகிதம் செல்லாது. துண்டு துண்டா ஒவ்வொண்ணையும் உருக்கிச் சோதிச்சாத்தான் விலை சொல்லுவான். முழுசா குடுத்துடுங்க, மீதிப் பணத்துக்குக் கிலோ கட்டியோ சின்னக் கட்டியோ வாங்கிக்கலாம்,” என்றார் இவர். உண்மையைத்தான் சொன்னார். எந்த மூலை போனால் காகிதம் செல்லாது என்றாரோ அந்த மூலை ஏற்கெனவே போய்விட்டது என்று அவருக்குத் தெரியாது. அடுப்படியில் அவர் இதை எனக்குச் சொன்னபோதுதான் நான் வெட்டிய மூலை ஞாபகம் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நொய்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

அண்ணனும் தம்பியும் தாங்களே மெட்ராஸுக்குப் போனார்கள். சேட்டு பாளத்தைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே மூலையைப் பார்த்துவிட்டார். யாரோ கை வைத்த பாளம் என்றார். மூலையில் உளி வைத்தவன் அடியில் துளை போட்டு வேறு எதையாவது அடைக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும், இதை அப்படியே வாங்கிப் பம்பாய்க்கு நான் எப்படி அனுப்புவேன் என்றார். விட்டுவிட்டுப் போங்கள், உருக்கிச் சோதனை செய்து பத்துப் பதினைந்து நாளில் எத்தனை சுத்தம் வருகிறதோ அதற்குப் பணம், உருக்குக் கூலியும் சேதாரமும் உங்களுடையது என்றார். விலையோ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. சரி, எத்தனை சுத்தம் வரும், தோராயமாகச் சொல்லுங்கள் என்று மில்லுக்காரர் கேட்டிருக்கிறார். சேட்டு காகிதத்தைப் பார்த்து ஆயிரத்து அறுபத்தாறு தோலா என்றார்.

சின்னவர் மனதில் இருந்தது ஆயிரத்து எழுபத்தொன்று. கண் முன்னால் வெட்டுப்பட்ட மூலை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தவருக்கு ஐந்து தோலா தங்கம் திருடு போயிருந்தது. சேட்டு எவ்வளவோ விளக்கினாராம். ரயிலில் வரும் வழியெல்லாம் சின்னவர் வெற்றிலையைத் துப்பித் துப்பி வந்தார் என்று மில்லுக்காரர் பின்னால் ஒருமுறை சொன்னார்.

அன்று பிற்பகல் என் வீட்டுக்காரர் தகடு அடித்துக்கொண்டிருந்தார். நான் சாம்பல் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு சுவரில் மோதித் திறந்தது. சின்னவர், அவர் பின்னால் மில் ஆட்கள் இரண்டு பேர், கடைசியில் மில்லுக்காரர். ஆட்களில் ஒருவன் கோணியை அவிழ்த்துப் பாளத்தைத் தொப்பென்று தரையில் போட்டான். தரை அதிர்ந்து கரண்டிகள் குலுங்கின.

“இன்னாடா இது?” சின்னவர் இவருடைய தலைமயிரைப் பிடித்துக் குனிய வைத்து மூலையைக் காட்டினார். “இன்னாடா இது?”

இவர் பார்த்தார். உளி போன சாய்வையும் நொய் அளவையும் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா. பதினோரு வருஷமாக எத்தனை கட்டியில் அதே வெட்டைப் பார்த்திருக்கிறார். தலைமயிர் இன்னொருவன் பிடியில் இருந்ததால் முகத்தைத் திருப்ப முடியவில்லை, கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு கண்ணை எடுத்துவிட்டார்.

“நான்தாங்க. சாமிக்கு. ஒரு நொய்யிங்க, அவ்ளோதான். வழக்கங்க எங்களுக்கு.”

“அஞ்சு தோலா நொய்யா?”

“அஞ்சு தோலா இல்லீங்க. அது மாத்துக் கணக்குங்க, தராசுல நின்னது வேற, சுத்தம் வேற. வாங்கும்போதே ஆயிரத்து அறுபத்தாறுக்குத்தான் நீங்க பணம் குடுத்தீங்க...”

முடிக்கவிடவில்லை. முதல் அடி வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று உடைந்து தகட்டின் மேல் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது உதை அடிவயிற்றில். சுருண்டவரை ஆட்கள் இருவரும் தூக்கி நிறுத்தினார்கள். “எந்தக் கையால வெட்ன?” என்றார் சின்னவர்.  பதிலுக்குக் காத்திருக்காமல் இவருடைய வலது கையை இழுத்துப் பட்டடைக் கல் மேல் வைத்து மணிக்கட்டில் ஒருவன் முழங்காலை ஊன்றினான். சின்னவர் குனிந்து பாளத்தின் இரு முனையையும் பிடித்தார். பழகிவிட்டிருந்தது அவருக்கு, வழுக்காமல் மார்பு உயரத்துக்குத் தூக்கினார். அங்கிருந்து கையை விட்டார்.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. மறுபடியும் தூக்கினார். இரண்டாவது முறை விட்டபோது இவர் கத்தவில்லை, மயங்கிவிட்டார். “போதும்டா” என்றார் மில்லுக்காரர். மூன்றாவது முறை தூக்கியவர் கொஞ்சம் யோசித்துக் கீழே வைத்தார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சாம்பல் தட்டைப் பிடித்தபடி நின்றேன். கையெட்டும் தூரத்தில் சம்மட்டி இருந்தது. அடுப்பில் பழுத்த குறடு இருந்தது. கரிக்காரனை அடித்தவள், நாத்தனார் புருஷனை அடித்தவள், நின்றேன். நான்தான் வெட்டினேன் என்ற இரண்டு வார்த்தை தொண்டைக்கு வந்து வந்து போயிற்று. பயந்துவிட்டேன். அதற்கு வேறு பெயர் கிடையாது. என் கையைக் கல் மேல் வைப்பார்களே என்று பயந்தேன். அவர்கள் பாளத்தில் இருந்த ரத்தத்தை எங்கள் துருத்தித் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போன பிறகுதான் என் வாயிலிருந்து அலறல் வந்தது.

வண்டி கட்டிப் புத்தூருக்குக் கொண்டுபோனோம். எலும்பு கட்டுகிறவர் கையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முறிந்திருந்தால் கட்டலாம், இது பொடியாகியிருக்கிறது என்றார். கட்டியும் விட்டார். மூன்று மாதம் கழித்துக் கட்டு பிரித்தபோது கை இருந்தது. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது, மற்ற நாலும் மரக்குச்சி மாதிரி நின்றன. குறடு பிடிக்க முடியாது, சோறு பிசைய முடியாது. இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, யாராவது வந்தால் தட்டை மறைத்துக்கொள்வார்.

உருக்கும் வேலையை நான் ஏற்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது வெங்காரம் போடு, இப்போது சாய் என்று சொல்வார். அதைத் தவிர என்னிடம் பேசவில்லை. ஏன் அன்று அப்படிச் சொன்னீர்கள் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்ற பயம். அதன் பிறகு எந்தக் கட்டியிலும் நான் சாமித் துளி எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை, மூசை அடுப்பில் இருந்தபோது மில்லுக்காரர் வந்தார். பின்னால் சின்னவர், தலையைத் தூக்காமல். இந்த முறை இரண்டு பேரும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பாளத்தைச் சேட்டிடமே விட்டு உருக்கியிருக்கிறார்கள். சோதனையில், சேதாரம் போகக் காகிதத்தில் இருந்த கணக்கே சரியாக வந்தது. ஐந்து தோலாவும் எங்கும் போகவில்லை. அது தங்கமாக இருந்ததே இல்லை. சேட்டு ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். விற்றது போக மீதியை, தோலாவுக்குக் கூலி கொடுத்தே, சின்னக் கட்டிகளாக வாங்கி வந்திருந்தார்கள்.

“ஆசாரி, எம் மேலயும் தப்பு கீது. தம்பி அவசரப்பட்டுட்டான்,” என்றார் மில்லுக்காரர். மடியிலிருந்து ஒரு பத்து தோலா கட்டியை எடுத்துப் பட்டடைக் கல் மேல் வைத்தார். “இத வச்சுக்கோ. எங்க போனாலும் விக்கலாம். கைக்கு நான் இன்னா ஈடு குடுக்க முடியும்?”

என் வீட்டுக்காரர் கட்டியைப் பார்த்தார். நான் எழுந்துபோய் அதை எடுத்தேன். பிஸ்கட் அளவு. உள்ளங்கைக்குள் அடங்கியது, விரலை மூடினால் வெளியே தெரியாது. அந்தக் கனமும் அளவும் எறிவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. சின்னவர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். முழு பலத்தோடு அவர் முகத்தில் எறிந்தேன்.

கன்னத்து எலும்பில் மூலை குத்தியது. கையால் பொத்தியவரின் விரல் இடுக்கில் ரத்தம் வழிந்து சட்டை நனைந்தது. “அய்யோ நைனா” என்று குழந்தை மாதிரி கத்தினார். எனக்குப் போதவில்லை. சம்மட்டியை எடுத்தேன். மில்லுக்காரர் நடுவில் வந்து நின்று, “அடிம்மா, அடிச்சுக்கோ, என்னை அடி” என்றார். அவரை அடிக்கத் தோன்றவில்லை. தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனவர், வாசலில் கிடந்த கட்டியைக் குனிந்து எடுத்து வேட்டியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு மூச்சு வாங்கியது. பல மாதத்துக்குப் பிறகு உடம்பில் ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவர் பாராட்டுவார் என்றுதான் திரும்பினேன்.

அவர் வலது கையை மடியில் போட்டு இடது கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அவ்வளவு கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“அவன் மேல எறிஞ்சியே,” என்றார், “உன் மேல யாருடி எறியறது?”

சம்மட்டியைக் கீழே வைத்தேன். மூசையில் கடைக்காரர் தங்கம் உருகிக் காத்திருந்தது. சாய்க்கிற நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அவர் சாய் என்று சொல்லவில்லை. நானே குறட்டை எடுத்துச் சாய்த்தேன்.